சாப்பிட்ட பிறகு வரும் பித்தப்பைக் கல் வலி: ஆபரேஷன் வரை போனவர்கள் சொல்லுங்களேன்

மலர்விழி
எனக்கு வலி வருவது எப்போதும் ஒரே மாதிரிதான். எண்ணெயும் வெண்ணெயும் தூக்கலாகச் சாப்பிட்ட அன்று, சாப்பிட்டு ஓரிரு மணி நேரம் கழித்து மேல்வயிற்றின் நடுவில் ஒரு அழுத்தம் தொடங்கும், அப்படியே வலது விலாவுக்குக் கீழே நகரும், முதுகில் வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய்க் குத்தும். ஏப்பம் விட்டாலும் புரண்டு படுத்தாலும் குறையாது. உச்சத்திலேயே சில மணி நேரம் நின்றுவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி விட்டுவிடும். வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள், நெஞ்சுவலியோ என்று இசிஜி எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் பித்தப்பையில் பல சிறு கற்கள் இருப்பது தெரிந்தது. பெரியதே 6 மி.மீ. தானாம். பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா?

கதிர்
எனக்கும் 6 மி.மீ. கல்தான் அக்கா. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள், சிறுநீரிலேயே வந்துவிட்டது. எதற்கு அவசரப்பட்டு ஆபரேஷன்?

சரோ சிஸ்டர்
கதிர் தம்பி, உங்களுக்கு இருந்தது சிறுநீரகக் கல். பித்தப்பையிலிருந்து சிறுநீருக்குப் போக வழியே கிடையாது, அதனால் எத்தனை லிட்டர் குடித்தாலும் மலரின் கல் அசையாது. நான் ஆபரேஷன் தியேட்டரில் பல வருடம் நின்றவள், பார்த்ததைச் சொல்கிறேன்.

வெட்டி எடுத்த பையைப் பிளந்தால் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், மெழுகு மாதிரி வழுவழுப்பாகக் கற்கள் கொட்டும். அது கொலஸ்ட்ரால். கல்லீரல் பித்தநீரோடு சேர்த்துக் கொலஸ்ட்ராலையும் வெளியே தள்ளுகிறது. அது தண்ணீரில் கரையாது, பித்த உப்புகள்தான் அதைக் கரைத்து வைத்திருக்கின்றன. பித்தப்பை தன்னிடம் வந்த பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கும். உப்புகள் தாங்கக்கூடிய அளவை மீறிக் கொலஸ்ட்ரால் இருந்தால் பொடிப் பொடியாகப் படிகம் விழும். பை நன்றாகச் சுருங்கி அடிக்கடி காலியானால் அந்தப் பொடியும் வெளியே போய்விடும். மந்தமான பையில்தான் அது சளியில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. கர்ப்ப காலத்தில் பை மந்தமாகும், பட்டினி கிடந்து மளமளவென்று எடையைக் குறைத்தாலும் அப்படித்தான். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறதே என்று கேட்பார்கள், அது வேறு கணக்கு. ரத்த அணுக்கள் அதிகமாக உடையும் நோய் உள்ளவர்களுக்குக் கறுப்பாக வேறு வகைக் கல் வரும், அது இங்கே வேண்டாம்.

மலர் கேட்டதற்கு: கல்லை மட்டும் எடுத்தால் அதே பை, அதே பித்தநீர், மறுபடி கல் வரும். அதனால்தான் பையையே எடுக்கிறார்கள்.

பிரபு
ஆபரேஷனே தேவையில்லை என்பது என் அனுபவம். எண்ணெய், வெண்ணெய் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினேன், வலி நின்றுவிட்டது. நடுவில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தேன், மறுநாள் காலையில் பச்சைப் பச்சையாகக் கற்கள் கண்ணெதிரே வெளியே வந்தன. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

சரோ சிஸ்டர்
வலி நின்றது உண்மையாகத்தான் இருக்கும் பிரபு சார். கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பிப் பித்தப்பையைப் பிழியச் சொல்கிறது. பை சுருங்கும்போது ஒரு கல் கழுத்தில் போய் அடைத்துக்கொண்டால், வழி இல்லாத இடத்தில் பை முக்கிக்கொண்டே இருக்கும், உள்ளே அழுத்தம் ஏறும். வலி அதுதான். பை தளர்ந்ததும் கல் பின்னால் விழும், வலி போய்விடும். நீங்கள் கொழுப்பை நிறுத்தியதும் பிழிவது குறைந்தது, கல் அங்கேயே இருக்கிறது. கொழுப்பே இல்லாவிட்டால் பை சரியாகக் காலியாவதும் இல்லை, அதுவும் நல்லதல்ல. அந்தப் பச்சை உருண்டைகள் குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகித் திரண்டவை, வெதுவெதுப்பில் வைத்தாலே உருகிவிடும். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

வலி ஆறு மணி நேரம் தாண்டியும் விடாமல், காய்ச்சலும் வந்து, வலது விலாவுக்குக் கீழே தொட்டாலே உயிர் போகிற மாதிரி இருந்தால் பை அழற்சியாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இளங்கோ
சின்னக் கல்தானே என்று விடுபவர்களுக்காக என் மாமனார் கதை. அவருக்கும் எல்லாம் பொடிக் கற்கள். வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது, அவரும் ஒத்திப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சிறுநீர் அடர் பழுப்பாகப் போனது, மலம் வெளிறியது, கண் மஞ்சளானது, இரவில் குளிர் நடுக்கம். பெரிய கல் பைக்குள்ளேயே கிடக்கும், பொடிதான் நழுவிக் கீழே, பித்தநீர் குடலுக்குப் போகும் பொதுக் குழாயில் இறங்கும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எம்ஆர்சிபி ஸ்கேனில் அந்தக் குழாயில் கல் நிற்பது தெரிந்தது.

முதலில் ஈஆர்சிபி செய்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாயைக் கொஞ்சம் கீறி, பலூனால் கல்லை இழுத்துக் குடலில் விட்டார்கள். கணையக் குழாயும் அதே வாயில்தான் திறப்பதால் அந்தச் சிகிச்சையாலேயே கணையம் வீங்கலாம் என்று எச்சரித்தார்கள், நல்லவேளை அப்படி ஆகவில்லை. அப்புறம் பையை எடுக்கப் போனால் அழற்சி வந்து வந்து எல்லாம் ஒட்டிப் போயிருந்தது. பையின் அடிப்பகுதியைக் கொஞ்சம் விட்டுவிட்டு மீதியை எடுத்தார்கள், சில நாள் டியூப் போட்டிருந்தார்கள். பாதியில் விட்டுவிட்டாரே என்று எனக்கு இன்றும் டாக்டர்மேல் கோபம்தான்.

சரோ சிஸ்டர்
கோபப்படாதீர்கள் இளங்கோ, அவர் செய்தது நிதானம். வயிற்றில் நான்கு சின்னத் துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடு ஊதி இடம் உண்டாக்கி, பையின் கழுத்துப் பகுதியைச் சுத்தம் செய்துகொண்டே போவார்கள். பைக்குள் நுழைவது ஒரு சின்னக் குழாய், ஒரு ரத்தக்குழாய், இந்த இரண்டு மட்டும்தான் என்று கண்ணால் உறுதி செய்த பிறகே கிளிப் போட்டு வெட்டுவது. ஒட்டிப் போன இடத்தில் பொதுப் பித்தக்குழாயைச் சின்னக் குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால் நோயாளி வருடக்கணக்கில் அவதிப்படுவார். தெளிவாகத் தெரியாதபோது வயிற்றைத் திறப்பார்கள், இல்லையென்றால் கொஞ்சம் விட்டுவிட்டு வருவார்கள். மலர், உங்கள் கையெழுத்துத் தாளில் திறந்த ஆபரேஷனுக்கும் சம்மதம் கேட்டிருப்பார்கள், பயப்படாமல் போடுங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்றும் கேளுங்கள். அதில் மாறுதல் இருந்தால் முதலில் பொதுக் குழாயைப் பார்க்க வேண்டும்.

தேன்மொழி
எனக்கு வலியே இல்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் ஒற்றைக் கல் தெரிந்தது. ஒரு டாக்டர் எடு என்கிறார், இன்னொருவர் சும்மா இருக்கட்டும் என்கிறார்.

சரோ சிஸ்டர்
வலி இல்லாத கல்லைப் பொதுவாக விட்டுவிடுவார்கள் தேன்மொழி. கல் 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ எடுப்பதை யோசிப்பார்கள். எடுக்கச் சொன்னவரிடம் காரணம் கேளுங்கள்.

மலர்விழி
நன்றி சிஸ்டர். ரத்தப் பரிசோதனை எடுக்கவே இல்லை, நாளை கேட்கிறேன். பை போன பிறகு வாழ்நாள் முழுக்கப் பத்தியம் இருக்க வேண்டுமா?

இளங்கோ
மாமனார் இப்போது எல்லாம் சாப்பிடுகிறார். பித்தநீர் சேமிக்க இடமில்லாமல் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கிறதாம், அதனால் எண்ணெய் அதிகமானால் உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்த ஒன்றிரண்டு நாள் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது, ஊதிய வாயுவால் என்றார்கள். அதற்குத் தயாராகப் போங்கள்.

பிரபு
சோப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஸ்கேன் எடுக்கிறேன், வந்ததும் போடுகிறேன்.