501 யூனிட்டுக்கு எவ்வளவு? கோடிங் தொடங்கும் முன் கணக்கைப் பிரித்துப் பார்த்த அனுபவங்கள்

தேன்மொழி

2022 கடைசியில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்து பயிற்சியில் இருந்தோம். அந்த செப்டம்பரில் அமலுக்கு வந்த வீட்டு மின்கட்டண விகிதத்தையே கணக்காகக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாத யூனிட்டைக் கொடுத்தால் தொகை வர வேண்டும். முதல் 100 இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். அதற்குக் கீழே ஒரு வரி: மொத்தம் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, அப்புறம் இன்னும் மேலே.

அந்த வரியை நான் படித்தேன். படித்துவிட்டு, "சரி, 500-க்கு மேல் 8 ரூபாய்" என்று மனசுக்குள் சுருக்கிக்கொண்டேன். இருபது நிமிஷத்தில் புரோகிராம் முடிந்தது. சாம்பிள் இன்புட், அவுட்புட் அட்டவணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றிருந்தார்கள். நான் புரோகிராமை ஓட்டி, வந்த விடைகளை அப்படியே "எதிர்பார்க்கும் விடை" என்ற பத்தியில் ஒட்டினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ்.

லீட் அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, "501-க்கு நீயே போட்டுக் காட்டும்மா" என்றார். என் அட்டவணையில் 1733 இருந்தது. தாளில் போட்டால் 1958 வந்தது. மறுபடி போட்டேன், அதே 1958. அந்தப் பேனா என் கையில் நின்ற நொடி இப்போதும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

கார்த்தி_மதுரை

1733 சரிதானே? 500 யூனிட்டுக்கு 1725, அடுத்த யூனிட்டுக்கு 8. ஸ்லாப் என்றாலே அதுதான் அர்த்தம். வருமான வரியிலும் கூடுதல் வருமானத்துக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். உங்கள் லீட் குழப்பிவிட்டார் என்று நினைக்கிறேன். இப்படி யோசித்தே நேரத்தை வீணாக்குவதைவிட முதலில் எழுதிவிட்டு டெஸ்ட் செய்வது நல்லது. நான் எட்டு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

சோதனைப்பட்டறை

கார்த்தி, ஸ்லாப் பற்றி நீங்கள் சொன்னது 500 வரைக்கும் சரி. தேன்மொழி எழுதிய கட்டண விகிதத்தின் கடைசி வரியை மறுபடி படியுங்கள். 500-ஐத் தாண்டியவருக்கு 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டுக்கும் 2.25 கிடையாது, 4.50. ஆக அந்த நூறுக்கு மட்டும் 225 ரூபாய் ஏறுகிறது, அதன்மேல் 8. ஒரு யூனிட்டில் 233 ரூபாய் வித்தியாசம். 501-ஐ முழுசாகப் போட்டால் 300 யூனிட் × 4.50 = 1350, அடுத்த நூறுக்கு 600, கடைசி ஒன்றுக்கு 8. மொத்தம் 1958.

நான் டெஸ்டிங்கில் இருப்பவள். இந்தக் கணக்கு என்னிடம் வந்தால் விசைப்பலகையைத் தொடும் முன் தாளில் எழுதுவது இவ்வளவுதான்:

```
units   amount
0          0.00
100        0.00
101        2.25
200      225.00
201      229.50
400     1125.00
401     1131.00
500     1725.00
501     1958.00
```

ஒவ்வொரு வரம்பிலும் வரம்பு எண்ணும் அதற்கு அடுத்த எண்ணும். 250, 320 என்று நடுவிலிருந்து எடுத்தால் `<` போட்ட இடத்தில் `<=` வந்திருக்கிறதா என்று தெரியாது. 600, 800, 1000-க்கும் இதே ஜோடி வேண்டும்.

தேன்மொழி, உங்கள் தவறு 1733 அல்ல. விடையைப் புரோகிராமிடமே கேட்டதுதான். அந்த டெஸ்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நேற்று வந்த விடை இன்றும் வருகிறது. விடை கேள்வியின் வாக்கியத்திலிருந்து கையால் வர வேண்டும். கையால் போடும்போதுதான் "இந்த நூறுக்கு எந்த விகிதம்?" என்று நின்று பார்க்க நேரும்.

வாத்தியார்_விழுப்புரம்

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன். புரோகிராம் தெரியாது, ஆனால் சொல் கணக்கு என்றதும் உள்ளே வந்தேன். 100 மீட்டர் வேலி, 10 மீட்டருக்கு ஒரு கம்பம், எத்தனை கம்பம்? வகுப்பில் பாதிப் பேர் 10 என்பார்கள். ஒரு நாள் ஒரு பெண் எழுந்து, "சார், வேலி நேரா போகுதா, சுத்தி வருதா?" என்று கேட்டாள். நேராகப் போனால் 11, தோட்டத்தைச் சுற்றி வந்து சேர்ந்தால் 10. பத்து வருஷமாக அந்தக் கணக்கை நடத்தியவன் நான், என் கேள்வியில் அது இல்லை என்று அன்றுதான் பார்த்தேன்.

அன்றிலிருந்து பிள்ளைகளிடம் 100 மீட்டரைப் போடாதே, முதலில் 10 மீட்டரைப் போடு என்கிறேன். ஒரே ஓர் இடைவெளி, இந்த முனையில் ஒரு கம்பம், அந்த முனையில் ஒரு கம்பம். படம் வரைந்ததும் இரண்டு என்று கண்ணுக்கே தெரிகிறது. அடுத்து 20 மீட்டர், மூன்று கம்பம். அதற்குப் பிறகுதான் வாய்பாடு. 95 மீட்டர் கொடுத்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். கடைசி 5 மீட்டருக்கு ஒரு கம்பம் நடுவதா வேண்டாமா என்பதைக் கேள்வி கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன்: வீட்டில் பிள்ளை இப்படிக் கேட்டால் "கொடுத்ததைப் போடு" என்று அடக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் கேள்வியை நோட்டில் எழுதி அனுப்புங்கள், வகுப்பில் பேசிக்கொள்கிறோம்.

மீட்டர்பெட்டி

மேலே எல்லோரும் யூனிட் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு வந்த வேலையில் யூனிட் இல்லை. முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், இரண்டுதான். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு உள் மீட்டர் கணக்கு. கழித்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் ஒரு வீட்டுக்கு யூனிட் -99950 என்று வந்தது. முந்தையது 99980, இப்போது 00030. ஐந்து இலக்க மீட்டர் சுற்றி முடிந்து பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடியிருக்கிறது. ஓடியது 50 யூனிட்.

சரி, குறைவாக வந்தால் 100000 கூட்டு என்று திருத்தினேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு வீட்டில் பழுதான மீட்டரை மாற்றினார்கள். முந்தையது 41200, இப்போது 00012. என் திருத்தம் அவருக்கு 58812 யூனிட் போட்டது. அந்த வீட்டுப் பெரியவர் பில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

முதல் நாளே "இப்போதையது குறைவாக இருந்தால்?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் சங்கச் செயலாளர் இரண்டையும் சொல்லியிருப்பார்.

கார்த்தி_மதுரை

501 விஷயத்தில் நான் சொன்னது தப்பு, வரியைச் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் முதலில் எழுதிப் பார்ப்பது பற்றி இன்னும் அதே கருத்துதான். சில கேள்விகள் பாதி எழுதிய பிறகுதான் தோன்றும். மீட்டர் மாற்றுவார்கள் என்று யார் தாளில் எழுதியிருப்பார்கள்?

சோதனைப்பட்டறை

எல்லாம் தோன்றாது, ஒப்புக்கொள்கிறேன். மீட்டர் மாற்றியது எனக்கும் தோன்றியிருக்காது. ஆனால் கழித்தல் என்று பார்த்ததும் "மைனஸ் வருமா?" என்று ஒரு சாம்பிள் எழுதலாம். காரணத்தை நாம் ஊகிக்க வேண்டாம், கேட்டால் சொல்வார்கள். பதில் வரும் வரை அந்த பில்லைப் போடாமல் நிறுத்தி வைக்க ஒரு வரி போதும்.

நிலவன்

101 யூனிட்டுக்கு 2.25 என்று போட்டிருக்கிறீர்கள். பில்லில் 2 ரூபாயா, 3 ரூபாயா? ரவுண்டு செய்வது ஒவ்வொரு ஸ்லாபிலுமா, கடைசித் தொகையிலா? பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைத்துக்கொள்வது எப்போதும் பாதுகாப்பு.

தேன்மொழி

நிலவன், என் கேள்வித்தாளில் ரவுண்டு பற்றி ஒன்றுமே இல்லை. அக்காவும் அன்று கேட்கவில்லை. இப்போது பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், 229.50-க்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை.