வளைந்த வெள்ளரி: புதுப்பிப்பு

நான் கேட்டிருந்தது: "கோபி பக்கம் திறந்தவெளிப் பந்தல். வெள்ளரி பாதிக்குப் பாதி அரிவாள் மாதிரி வளைகிறது, சிலது நுனி சூம்புகிறது. உரக்குறையா?"

உதவிய எல்லோருக்கும் நன்றிங்க. "காயை நீளவாக்கில் பிளந்து விதையைப் பாருங்க" என்ற அண்ணன் சொன்னதுதான் வழிகாட்டியது. வளைவின் உள்பக்கம் விதைகள் வெறும் சவ்வாக இருந்தன, வெளிப்பக்கம் நன்றாகப் பருத்திருந்தன. மகரந்தம் போதாமல் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்திருக்கிறது.

காரணம் என் கையில்தான். பூ விரியும் காலை 7 மணிக்கே பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தேன், தேனீ வரவே இல்லை. மருந்தை மாலைக்கு மாற்றினேன். அதோடு 10 பெண்பூக்களுக்கு ஆண்பூவைக் கையால் தொட்டுவைத்து நூல் கட்டினேன். அதில் 8 காய் நேராக வந்தன.

பாலிஹவுஸில் தேனீ இல்லாமலே நேராகக் காய்க்கிறது என்றார் ஓர் அக்கா. அது விதையில்லாத ரகம்ங்க, என்னுடையது விதை ரகம்.

எதிர்பாராதது, நுனி சூம்பியவை குறையவில்லை. அவை எல்லாம் வரிசைக் கடைசியில்தான் இருந்தன. போர் தண்ணீர் உப்பு படிந்து அங்கே சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவாய்கள் அடைத்திருந்தன. சுத்தம் செய்தபின் வந்த பிஞ்சுகள் தேறின.

பொட்டாஷ் குறை என்ற தம்பி சொன்னது முழுத் தப்பில்லை. காம்புப்பக்கம் ஒல்லியாகி நுனி குண்டாகும் காய்கள் சில இருக்கின்றன. அப்புறம் பொட்டாஷ் விட்டிருக்கிறேன், அடுத்த பறிப்பில்தான் தெரியும்.