வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை: அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்க?

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். வீடு அம்பாசமுத்திரம். புதன்கிழமை மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்றிருக்கிறேன். பஸ் அலைச்சலைச் சொன்னால் "எல்லாரும்தான வாராவ" என்று ஆடிட்டர் அண்ணாச்சி முடித்துவிடுவார். அதனால் அவருக்கு என்ன பயம் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் பயம் கடைசித் தேதி. மாதாமாதம் ரிட்டன் போடுகிற கட்சிக்காரர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, 3பி இருபதாம் தேதி. இந்தத் தேதிகளோ அதற்கு முந்தைய நாளோ புதனில் விழுந்தால் ஆபீஸுக்கு வந்துவிடுவேன் என்று நானே எழுதிக் கொடுக்கப்போகிறேன்.

அடுத்தது பில் கட்டு. கடைக்காரர்கள் மஞ்சள் பையில் கொண்டுவரும் பில் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டேன். செவ்வாய்க்குள் டேலியில் ஏற்றிவிட்டு, புதனன்று ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலோடு கொள்முதலை ஒத்துப்பார்க்கும் வேலையை மட்டும் வைத்துக்கொள்வேன். அதற்குக் கம்ப்யூட்டர் போதும், யாரும் குறுக்கிடாமல் இருந்தால் விடுபட்ட பில்லும் கண்ணில் படும். சாயங்காலம் யார் யார் கணக்கு முடிந்தது, எந்த பில் இடிக்கிறது என்று ஒரு ஷீட் அனுப்பிவிடுவேன். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் அவரே நிறுத்திக்கொள்ளட்டும்.

மாட்டிக்கொண்டது ஒரு இடத்தில்தான். "உனக்குக் கொடுத்தா மத்தவனும் கேப்பானே" என்பார். ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லலாமா? பில் ஏற்றும் பையன்களுக்கு அது மனத்தாங்கல் ஆகிவிடுமோ? சின்ன ஆபீஸில் இப்படிக் கேட்டு வாங்கியவர்கள், இதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்களேன்.