நிறுத்தப்படும் பொருளின் கடைசி ஆர்டர் தேதியை வாடிக்கையாளர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்?

நாங்கள் தொழிற்சாலைகளுக்கு சென்சார் விற்கிறோம். உலோகம் அருகில் வந்தால் சிக்னல் தரும் ஒரு மாடலைத் தயாரிப்பாளர் நிறுத்தினார். வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது.

மாற்று மாடலும் அதே 12 மி.மீ. மரைதான். பழைய இடத்தில் கச்சிதமாக உட்காரும், அதன் விளக்கும் எரியும். ஆனால் பழையது என்பிஎன், சிக்னல் கம்பியை மைனஸ் பக்கம் இணைக்கும்; புதியது பிஎன்பி, பிளஸ் பக்கம் இணைக்கும். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி கருவியில் பழையதற்கென அமைத்த உள்ளீட்டில் அப்படியே மாட்டினால் சிக்னல் பதிவாகாது. அதனால் "நேரடி மாற்று அல்ல, உள்ளீட்டு வகையைப் பாருங்கள்" என்பதை மாடல் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதினேன்.

குழப்பம் வந்தது தேதியில். கடைசி ஆர்டர் ஜூன் 30, கடைசி அனுப்புதல் டிசம்பர் 31. ஒரு வாடிக்கையாளர் இரண்டாவது தேதியை மட்டும் பார்த்துவிட்டு அக்டோபரில் ஆர்டர் போட்டார். இப்போதெல்லாம் "ஜூன் 30 மாலைக்குள் உங்கள் ஆர்டர் எங்கள் கைக்கு வர வேண்டும்" என்ற வரி மேலே தனியாக நிற்கிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

மின்னணு உதிரிபாக விநியோகஸ்தர்: எங்கள் துறையில் பொருளை நிறுத்துவதை எப்படி அறிவிப்பது என்பதற்கு ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பின் தரநிலை உண்டு. அறிவிப்பிலிருந்து கடைசி ஆர்டருக்குக் குறைந்தது 6 மாதம், கடைசி அனுப்புதலுக்கு 12 மாதம். ஆனால் அந்த 6 மாதத்துக்குள்தான் வாடிக்கையாளர் மாற்றைச் சோதித்துப் பார்த்து, பழையது இன்னும் எத்தனை வேண்டும் என்றும் முடிவு செய்ய வேண்டும். சோதிக்க வேண்டிய மாற்றின் மாதிரி நாலாவது மாதம்தான் போய்ச் சேர்ந்தால், பயந்துபோய்ப் பழையதை அளவுக்கு மீறி வாங்கிவிடுவார். இந்தக் கடைசி ஆர்டரைப் பெரும்பாலும் ரத்து செய்யவோ திருப்பித் தரவோ முடியாது. அதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பம்பு விற்பனை: இவ்வளவு நீட்டக் கூடாது. ஒரு மாதம் கொடுத்தால் உடனே முடிவெடுப்பார்கள். நீளமாகக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள்.

மின்னணு உதிரிபாக விநியோகஸ்தர்: மறப்பது உண்மைதான். அதற்கு நினைவூட்டல் அனுப்பலாமே. உங்கள் கடிதம் கொள்முதல் பிரிவுக்குத்தான் போகும். இயந்திரத்தைக் கையாளும் பொறியாளர் கண்ணில் படவே ஒரு மாதம் ஆகலாம். இருவருக்கும் அனுப்புங்கள்.

பிரிண்டர் வைத்திருப்பவர்: என் பிரிண்டருக்கு டோனர் வருவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, கடையில் கேட்டபோதுதான் தெரிந்தது. இதற்கு நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி கேட்டவர்: இங்கே விற்பவர் பக்கத்தைப் பேசுகிறோம். ஆனாலும் உங்கள் விஷயம் எனக்கு உறைக்கிறது. முகவர் வழியாக வாங்கியவர்களின் பெயர் எங்கள் பில் பட்டியலில் இருக்காது. முகவர்களிடம் கேட்டால், வாடிக்கையாளரை நாங்கள் பறித்துக்கொள்வோம் என்று பட்டியல் தரத் தயங்குகிறார்கள். கடிதத்தை அவர்கள் பெயரிலேயே அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். சிலர் அனுப்பினார்கள், சிலர் பதிலே சொல்லவில்லை.

பம்பு விற்பனை: அக்டோபரில் வந்த அந்த ஆர்டரை என்ன செய்தீர்கள்?

கேள்வி கேட்டவர்: வேறொருவர் கூடுதலாக வாங்கி வைத்திருந்ததில் கொஞ்சம் பேசி வாங்கிக் கொடுத்தேன். மீதிக்கு இன்னும் வழி தெரியவில்லை.