புதுப்பிப்பு: பாசி வளர்ப்பு நேர்காணல்

பாசி வளர்ப்பு வேலைக்கு ஆள் எடுப்பதற்காகப் போன வாரம் இங்கே நான் கேட்டது: "மண்டபத்தில் நூறு மிதவை போட்டுப் பாசி வளர்த்தேன் என்கிறார் ஒருவர், நிஜமாகவே செய்தவரா என்று எப்படிக் கேட்டுக் கண்டுபிடிப்பது?"

நேர்காணல் முடிந்தது. மிதவைக்கு எத்தனை கிலோ விதை, எத்தனை நாளில் அறுவடை என்று கேட்கச் சொன்ன தம்பி பாதிதான் சரி. 60 கிலோ, 45 நாள் என்று டக்கென்று வந்தது, அது பயிற்சித் தாளிலேயே இருக்கிறது. பாம்பன் அக்கா எழுதிக் கொடுத்த கேள்விதான் ஆளைப் பேச வைத்தது: "மிதவைக்கு அடியில் கட்டிய வலை கிழிந்தது எப்படித் தெரிந்தது, அன்றைக்கு யார் என்ன செய்தீர்கள்?" கொஞ்சம் யோசித்தார். கயிற்றில் கட்டிய பாசியின் நுனியெல்லாம் கடித்த மாதிரி இருந்ததாம், பாசி தின்னும் ஓரா மீன் உள்ளே புகுந்திருக்கிறது, வலையைத் தைத்தது மனைவி, தான் மிதவையைத் தூக்கிப் பிடித்ததோடு சரி என்றார். அப்புறம், "நூறில் உங்கள் கையால் கட்டியது?" என்றேன். பன்னிரண்டு. மீதி குழுவுடையது, விண்ணப்பத்தில் மட்டும் எல்லாம் "நான்".



பாசி வெளுத்துப்போனால் என்ன செய்வார் என்று கேட்க விட்டுப்போச்சு. நாளை போனில் கேட்க வேண்டும், அவரை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.