புதுப்பிப்பு: வரிசை சரி, குறி இல்லை

முன்பு நான் கேட்டது: “முழு மாதத்தில் பிறந்தும் மகளின் எடை 1.9 கிலோதான். தலை மட்டும் சரியான அளவு, முகம் முக்கோணம், இடக்கால் குட்டை. மரபணு வரிசையில் பிழையில்லையாம். அப்படியானால் சில்வர்-ரஸ்ஸல் என்ற வளர்ச்சிக் குறைபாடு இல்லையா?”

இருக்கிறது. உறுதியாகிவிட்டது.

இங்கே பதில் எழுதிய மரபியல் மருத்துவர் சொன்னதே நடந்தது. மரபணுவின் எழுத்துகள் சரியாக இருந்தாலும், அவற்றின் மேல் ஒட்டியிருந்து மரபணு இயங்குவதைக் கட்டுப்படுத்தும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் அழிந்திருக்கலாம். வரிசையைப் படிக்கும் சோதனைக்கு அது தெரியாது. தந்தைவழி 11ஆம் குரோமோசோமில் அந்தக் குறி போனால், கருவை வளர்க்கும் ஐ.ஜி.எஃப்.2 மரபணு அடங்கிவிடுகிறது. கருவிலேயே வளர்ச்சி பின்தங்கியது அதனால்தான்.

மெத்திலேற்றச் சோதனையும் இரத்தத்தில் இயல்பென்றே வந்தது. நான் இடிந்துபோனேன். எல்லா உயிரணுக்களிலும் குறி அழிவதில்லை என்று சொல்லி, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தார்கள். அதில்தான் பிடிபட்டது.

7ஆம் குரோமோசோம் இரண்டும் தாயிடமிருந்தே வந்திருக்கும் என்றார் ஒருவர். அதுவும் ஒரு காரணம்தான், எங்களுக்கு அதுவல்ல. காலணிக்குள் வைக்கும் அட்டையைப் பற்றி ஒருவர் விளக்கினார். நான் கேட்டது அதுவல்ல என்றாலும் இப்போது உதவுகிறது. இன்னொரு தாயின் மகனுக்கோ கன்னத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அடையாளங்களை வைத்தே மருத்துவம் பார்க்கிறார்கள்.

கால் வித்தியாசம் கூடுமா என்பது இன்னும் தெரியவில்லை. அளந்துகொண்டிருக்கிறோம்.