துபாய் வந்தபின் ஊர் எண்கள் பாதி வேலை செய்யவில்லை: காரணம் என்ன?

நெல்லைவாசி: சென்ற மாதம் துபாய்க்கு வேலைக்கு வந்தேன். இங்குள்ள சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பையும் அந்த எண்ணுக்கே மாற்றிக்கொண்டேன். அன்று முதல் ஊரிலுள்ள பலரின் பெயர்கள் வாட்ஸ்அப் பட்டியலில் காணப்படவில்லை; அழைத்தாலும் தவறான எண் என்றே அறிவிப்பு வருகிறது. தம்பியின் எண்ணுக்கு மட்டும் சிக்கல் இல்லை.

பழைய கம்பி: தம்பியின் எண் +91 என்று தொடங்குகிறதா எனப் பாருங்கள். வெறும் பத்து இலக்கமாகவோ, முன்னால் 0 சேர்த்தோ வைத்த எண்ணை, உங்கள் சிம் எந்த நாட்டினுடையதோ அந்த நாட்டு எண்ணாகவே தொலைபேசி கருதும். வாட்ஸ்அப்பும் நீங்கள் பதிவு செய்துள்ள எண்ணின் நாட்டைக் கொண்டே அதைப் படிப்பதால், நேற்றுவரை இந்திய எண்ணாக இருந்தது இன்று எமிரேட்ஸ் எண்ணாகத் தேடப்படுகிறது. 0 பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் பிளஸ் குறி வரும்.

கடல்தாண்டி: பிளஸ் எதற்கு? 0091 என்று போட்டாலும் போகுமே.

பழைய கம்பி: துபாயிலிருந்து போகும். அமெரிக்காவுக்குச் சென்றால் 00 உதவாது, அங்கே 011 என்று தொடங்க வேண்டும். பிளஸ் இருந்தால் அந்தந்த நாட்டு வலையமைப்பே அதைப் புரிந்துகொள்ளும்.

வள்ளியூர் அக்கா: என் அம்மா +91 போட்டால் ஐஎஸ்டி கட்டணம் பிடிப்பார்கள் என்று பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார். உண்மையா?

பழைய கம்பி: இல்லை, அக்கா. இந்தியாவுக்குள் இந்திய சிம்மில் +91 சேர்த்து அழைத்தாலும் அது உள்நாட்டு அழைப்புதான். உங்கள் அம்மா துபாய் எண்ணை அழைத்தால் மட்டும், எப்படி எழுதி வைத்திருந்தாலும் ஐஎஸ்டி கட்டணம் உண்டு.

நெல்லைவாசி: நாற்பது எண்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன், பட்டியலைப் புதுப்பித்ததும் பெயர்கள் வந்துவிட்டன. ஆனால் வீட்டு லேண்ட்லைன் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. +91 0462 என்று பகுதிக் குறியீட்டுடன்தான் வைத்துள்ளேன்.

பழைய கம்பி: அந்த 0 இந்தியாவுக்குள் வெளியூர் அழைப்புக்கு மட்டும் உரியது, +91-க்குப் பின் அதை விட வேண்டும். ஊரில் உள்ளவர்கள் உங்கள் துபாய் எண்ணைப் பதியும்போதும் 050-இல் உள்ள 0 நீங்கும்.

```
+91 462 2xxxxxx
+971 50 xxxxxxx
```

கடல்தாண்டி: ஆனால் இத்தாலியின் லேண்ட்லைன்களில் அந்த 0-வை விடக்கூடாது, மிலானுக்கு +39 02 என்றே அழைக்க வேண்டும். இதில் நான் ஏமாந்திருக்கிறேன். மற்றபடி, இத்தனை எண்களைக் கையால் திருத்துவானேன்? கோப்பாக எடுத்து எக்செலில் மாற்றலாமே.

பழைய கம்பி: சாதாரணமாகத் திறந்தால் எக்செல் பிளஸ் குறியையும் தொடக்கப் பூஜ்ஜியத்தையும் விழுங்கிவிடும். எண்கள் உள்ள நெடுவரிசையை எழுத்தாகக் குறிப்பிட்டு இறக்கினால் ஒழிய, கையால் திருத்துவதே நல்லது.

நெல்லைவாசி: லேண்ட்லைன் கிடைத்துவிட்டது, அம்மாதான் எடுத்தார். சித்தப்பாவின் எண்ணைத் திருத்திய பிறகும், குடும்பக் குழுவில் அவர் பெயர் இன்னும் வெறும் எண்ணாகவே தெரிகிறது. அதே எண் பழைய சிம்மிலும் ஒரு பதிவாக இருக்குமோ என்று பார்க்கிறேன்.